கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளில் வேலை செய்யும் திருமணமான தங்கைகளுக்கு,

வேலையில் சேர்ந்த அன்று உங்கள் முன்னால் ஒரு கட்டுப் படிவங்களை வைத்து, எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஹெச்.ஆர். பிரிவில் காட்டியிருப்பார்கள். அந்தக் கட்டில் ‘படிவம் 2’ என்று ஒன்று இருந்தது. நீங்கள் இறந்துபோனால் உங்கள் பி.எஃப். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். அப்போது பெரும்பாலோருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதி, பங்கு என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று போட்டீர்கள். எழுதியது சரிதான்.

அதற்குப் பிறகு கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, சிலருக்குக் கம்பெனியும் மாறியது. நாமினியை மாற்றினீர்களா என்று சங்க அலுவலகத்தில் கேட்கும்போது பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள்: “அம்மா பேர்லயே இருக்கட்டும் அக்கா. அம்மாவுக்கு யாரு இருக்கா?” அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். அதே பாசத்தால்தான் இந்த மடலையும் எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பழைய படிவம் இன்று உங்கள் அம்மாவைக் காப்பாற்றாது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம் 1952-ஆம் ஆண்டு வந்தது. அதன் 61-ஆம் பத்தி, உறுப்பினர் திருமணம் செய்துகொண்டால் புதிதாக நாமினேஷன் செய்ய வேண்டும், திருமணத்துக்கு முன் செய்தது செல்லாததாகக் கருதப்படும் என்று சொல்கிறது. யாரும் வந்து ரத்து செய்ய வேண்டியதில்லை. உங்களுக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வராது. தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் படிவத்துக்கு மதிப்பில்லை. காகிதம் கம்பெனிக் கோப்பில் அப்படியே இருக்கும், அம்மாவின் பெயரும் அதில் இருக்கும். ஆனால் சட்டத்தின் பார்வையில் உங்கள் கணக்கு நாமினி இல்லாத கணக்கு.

நாமினி இல்லாத கணக்கில் பணம் எப்படிப் பிரியும் என்பதை அதே திட்டத்தின் 70-ஆம் பத்தி சொல்கிறது. குடும்பத்தில் உள்ளவர்களுக்குச் சம பங்கு. குடும்பம் என்றால் நாம் வீட்டில் நினைக்கும் குடும்பம் இல்லை. திட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெண் உறுப்பினருக்கு அந்தப் பட்டியல் இது: கணவர், குழந்தைகள், அவரைச் சார்ந்து வாழும் தாய் தந்தை, கணவரைச் சார்ந்து வாழும் மாமனார் மாமியார், இறந்துபோன மகனின் மனைவியும் குழந்தைகளும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இதில் இல்லை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஆளும் தொகையும் நான் வைத்துக்கொண்டவை, விதிகள் உண்மையானவை.

ஒரு பெண் 2013-இல், இருபது வயதில் வேலைக்குச் சேர்கிறாள். அப்பா இல்லை, அம்மா அவள் சம்பளத்தில்தான் வாழ்கிறார். படிவம் 2-இல் அம்மாவுக்கு நூறு சதவீதம் எழுதுகிறாள். 2018-இல் கல்யாணம். 2020-இல் பெண் குழந்தை. கணவருடைய அப்பாவும் அம்மாவும் அவர்களுடனேயே, கணவரின் சம்பாத்தியத்தில் இருக்கிறார்கள். 2025-இல் உடம்புக்கு முடியாமல், வேலையில் இருக்கும்போதே அவள் இறந்துபோகிறாள். அப்போது பி.எஃப். இருப்பு 4,00,000 ரூபாய்.

பி.எஃப். மட்டும் இல்லை. பணியில் இருக்கும்போது இறந்தால், வைப்பு நிதியோடு இணைந்த ஈ.டி.எல்.ஐ. காப்பீட்டுத் தொகையும் வரும். அதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை, நிறுவனம்தான் கட்டுகிறது. அதனாலேயே அப்படி ஒன்று இருப்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியை, 15,000 ரூபாய் வரம்புக்குள், 35-ஆல் பெருக்குவார்கள். இவளுடைய சராசரி அந்த வரம்பைத் தொடுவதால் 5,25,000 ரூபாய். அதோடு கடைசி 12 மாத பி.எஃப். சராசரி இருப்பில் பாதி சேரும். அதற்கு வரம்பு 1,75,000. இவளுடைய சராசரி இருப்பு 3,80,000, பாதி 1,90,000, வரம்பு காரணமாக 1,75,000. மொத்தம் 7,00,000 ரூபாய். ஈ.டி.எல்.ஐ. தரக்கூடிய உச்சத் தொகையும் இதுதான். அதற்குத் தனி நாமினேஷன் கிடையாது. பி.எஃப்.-க்கு யார் நாமினியோ அவருக்கே போகும். நாமினி இல்லையென்றால் அதுவும் குடும்பப் பட்டியல்படி பிரியும்.

ஆக, 11,00,000 ரூபாய். பட்டியலில் ஐந்து பேர்: கணவர், குழந்தை, அவளுடைய அம்மா, மாமனார், மாமியார். ஆளுக்கு 2,20,000.

அம்மாவுக்கு எல்லாமே கிடைக்கும் என்று நினைத்து அவள் இருந்தாள். அவருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் மகளைச் சார்ந்துதான் வாழ்ந்தார் என்று காட்ட முடிந்தால்தான். தம்பி வீட்டு முகவரியில் ரேஷன் அட்டை இருந்து, அம்மா தன்னைச் சார்ந்திருந்ததாக மகள் எங்குமே எழுதி வைக்காமலும் இருந்தால், இதைக் காட்டுவதே சிரமம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே 2,20,000தான். மாமனார் மாமியார் இருவருக்கும் சேர்த்து 4,40,000. அவர்கள் வாங்குவதில் தவறில்லை, சட்டம் தருவதை வாங்குகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் ஷிப்ட் பார்த்து அவள் சேர்த்த பணம் அவள் மனதில் நினைத்த வழியில் போகவில்லை.

அந்த வீட்டில் அடுத்து நடப்பதையும் யோசியுங்கள். அம்மாவுக்கு மகள் சொன்ன வார்த்தை நினைவிருக்கிறது: “உன் பேரைத்தான்மா போட்டிருக்கேன்.” அவர் மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, நாமினி என்ற முறையில் பி.எஃப். தொகைக்கான படிவம் 20-ஐக் கொடுக்கிறார். கணவரும் குழந்தைக்காகவும் தனக்காகவும் விண்ணப்பிக்கிறார். நாமினேஷன் போட்ட தேதி திருமணத்துக்கு முந்தியது என்று அலுவலகத்தில் தெரிந்ததும், இரண்டு தரப்பிலும் ஆவணங்கள் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். அந்தச் சான்றிதழில் கணவர், குழந்தை, தாய் பெயர்கள் வரும், மாமனார் மாமியார் பெயர்கள் வராது. பி.எஃப். பட்டியலிலோ அவர்கள் உண்டு. எந்தத் தாளை யார் நம்புவது என்ற குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அம்மாவுக்கு மருமகன் ஏமாற்றுகிறான் என்று தோன்றும். மருமகனுக்கு மாமியார் குழந்தையின் பணத்தைப் பறிக்கப் பார்க்கிறார் என்று தோன்றும். இருவரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டால், குழந்தை பாட்டியைப் பார்க்கப் போவதும் நின்றுவிடும். குறையில்லாத கிளைமை 20 நாட்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. இப்படிச் சிக்கிய கிளைமுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இது ஆண்களின் குடும்பத்துக்கும் நேர்வதுதான். திருமணத்துக்கு முன் தாயை நாமினியாகப் போட்டு, பிறகு மாற்றாமலே இறந்துபோன ஒருவரின் பணத்துக்காக அவருடைய தாயும் மனைவியும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2009-இல் தீர்ப்பு வந்தது: நாமினி என்பதாலேயே பணம் முழுவதும் தாய்க்குச் சொந்தமாகிவிடாது, தாய்க்குப் பாதி, மனைவிக்குப் பாதி. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு படிவம் மாற்றியிருந்தால், அந்த இரண்டு பெண்களும் வக்கீல் வைத்து எதிரெதிரே நின்றிருக்க வேண்டாம்.

இந்தக் குழப்பத்தில் பிழைத்து நிற்பது ஓய்வூதியம் ஒன்றுதான். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி, உறுப்பினருக்குக் குடும்பம் இருந்தால் நாமினி யார் என்று பார்ப்பதில்லை. பென்ஷன் நேராகக் கணவருக்குப் போகும். அவர் இறக்கும்வரை, அல்லது மறுமணம் செய்யும்வரை கிடைக்கும். குழந்தைக்கு 25 வயது வரை, கணவர் வாங்கும் பென்ஷனில் கால் பங்கு தனியாகக் கிடைக்கும். அதனால் கணவரை பி.எஃப். நாமினியாகப் போடாவிட்டால் அவருக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு செய்வது உங்கள் உரிமை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருமணத்துக்குப் பிறகு புதிய நாமினேஷன் செய்யும்போது, குடும்பப் பட்டியலில் உள்ளவர்களில் ஒருவரையோ பலரையோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே சொன்ன பெண் 2020-இல் குழந்தைக்கு 60, அம்மாவுக்கு 40 என்று எழுதியிருந்தால், 11,00,000-இல் குழந்தைக்கு 6,60,000, அம்மாவுக்கு 4,40,000 போயிருக்கும். அதாவது அம்மா பெயரை மாற்றாமல் விட்டதால்தான் அம்மாவின் பங்கு பாதியானது. புதிய நாமினேஷனால் அம்மாவை விட்டுவிட மாட்டீர்கள். உங்கள் அம்மாவுக்கு இன்று சட்டப்படி பாதுகாப்புத் தருவது அது ஒன்றுதான். “புருஷன் பேரைப் போட்டா அம்மா மனசு நோகும்” என்று தள்ளிப்போடும் தங்கைகள், அம்மாவிடமே இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கணவரைப் பிரிந்து, ஆனால் விவாகரத்து ஆகாமல் வாழும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரிந்திருப்பதால் மட்டும் அவர் பட்டியலிலிருந்து விலகிவிட மாட்டார். பெண் உறுப்பினர் தன் கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்குவதாக பி.எஃப். ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அவரும் அவரைச் சார்ந்த பெற்றோரும் உங்கள் குடும்பமாகக் கருதப்பட மாட்டார்கள். பிறகு மனம் மாறினால் அதை எழுத்து மூலமே ரத்தும் செய்யலாம். அந்தக் கடிதத்தைக் கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாமினேஷனையும் புதுப்பியுங்கள்.

இனி, மாற்றுவது எப்படி. ஹெச்.ஆர். ஒப்புதல் வேண்டாம், கட்டணம் கிடையாது. உங்கள் யு.ஏ.என். எண் செயல்பாட்டில் இருக்க வேண்டும்; ஆதார் அதனோடு இணைந்திருக்க வேண்டும்; ஆதாரில் பதிந்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு சிம் மாற்றியவர்கள் கடைசியில் ஓ.டி.பி. வராமல் நிற்கிறார்கள். அதனால் முதலில் ஆதார் மையத்தில் எண்ணைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து நாமினிகளின் விவரங்களைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொருவரின் ஆதார் எண், ஆதாரில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒரு புகைப்படம் வேண்டும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது வரை ஆதாரில் உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். நம் ஊர்ப் பெயர்கள் சரிபார்ப்பில் தட்டுவது பெரும்பாலும் இங்கேதான். வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் இருந்தால் அவற்றையும் சேருங்கள்.

கணினியில் unifiedportal-mem.epfindia.gov.in என்ற தளத்தில் யு.ஏ.என். எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போங்கள். உங்கள் சொந்தப் புகைப்படம் சுயவிவரப் பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாமினேஷன் பக்கம் மேற்கொண்டு விடாது. பிறகு Manage பட்டியலில் E-Nomination என்பதைத் தேர்ந்தெடுங்கள். குடும்பம் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் Yes கொடுங்கள். அங்கே Add Family Details மூலம் குடும்பத்தினர் எல்லாரையும் சேருங்கள். பங்கு தர நினைக்காதவர்களையும் குடும்ப விவரத்தில் காட்டுவதுதான் முறை. பங்கு யாருக்கு என்பது அடுத்த பக்கத்தில் வரும். அதில் வேண்டியவர்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் சதவீதம் போட்டு, மொத்தம் 100 வருகிறதா என்று பார்த்து, Save EPF Nomination கொடுங்கள்.

குழந்தையை நாமினியாகப் போட்டால் பாதுகாவலர் பெயர் கேட்கும். குடும்பப் பட்டியலில் உள்ள, 18 வயது நிறைந்த ஒருவரைப் போடலாம்: கணவர், அல்லது உங்களைச் சார்ந்து வாழும் உங்கள் அம்மா. யார் குழந்தையை வளர்ப்பார்கள், யார் அந்தப் பணத்தைக் குழந்தைக்காகவே வைத்திருப்பார்கள் என்பதை யோசித்துப் போடுங்கள். குழந்தையின் பெயரில் இப்போதே ஒரு வங்கிக் கணக்கும் திறந்து வையுங்கள்.

இதுவரை செய்தது சேமித்தது மட்டுமே. நாமினேஷன் செல்லுபடியாக வேண்டுமானால் கடைசியாக e-Sign செய்ய வேண்டும். பலரும் நின்றுவிடும் இடம் இது. சேமித்ததும் பெயரும் சதவீதமும் திரையில் தெரிவதால் வேலை முடிந்தது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்துக் கையொப்பம் முடிந்தால்தான் பதிவு முடியும். உறுதி செய்ய ஒரு வழி உண்டு: மறுபடி அதே பக்கத்துக்குப் போனால், கையொப்பம் ஆன நாமினேஷனை பி.டி.எஃப். கோப்பாகப் பதிவிறக்க முடியும். அந்தக் கோப்பு கிடைத்தால் முடிந்தது. கிடைக்காவிட்டால் முடியவில்லை.

இப்படி இணையத்தில் பதிந்த நாமினிக்கு இன்னொரு வசதியும் உண்டு. உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், அவர் தன் ஆதாரையும் கைபேசியையும் வைத்துக்கொண்டு இணையத்திலேயே கிளைம் போடலாம். ஊரில் இருக்கும் அம்மா, பழைய கோப்பைத் தேடிக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முன்பு வேலை செய்த கம்பெனியின் பி.எஃப். கணக்கு இப்போதைய யு.ஏ.என்.-உடன் சேராமல் இருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அது தனியாகக் கிடக்கும்வரை, அதன் நாமினேஷனும் பழைய காகிதத்திலேயே கிடக்கும். சில பெரிய நிறுவனங்கள் பி.எஃப். பணத்தைத் தாங்களே டிரஸ்ட் வைத்து நடத்துகின்றன. உங்கள் நிறுவனம் அப்படி என்றால், அந்த டிரஸ்டிலும் புதிய நாமினேஷன் கொடுத்துக் கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள். கிராஜுவிட்டிக்கும் தனி நாமினேஷன் உண்டு. பி.எஃப்.-இல் மாற்றியதால் அது தானாக மாறாது, ஹெச்.ஆர். பிரிவில் கேட்டு அதையும் மாற்றுங்கள்.

நாமினேஷனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். குழந்தை பிறந்தபோது, விவாகரத்து ஆனபோது, நாமினியாக இருந்தவர் இறந்தபோது மாற்றுங்கள். இறந்துபோன நாமினியின் பங்கு உங்களிடமே திரும்பிவிடும், அதை நீங்கள் வேறொருவருக்கு எழுதாவிட்டால் அது நாமினி இல்லாத பங்காக நிற்கும். கணவரை இழந்த தங்கைகளும், பிள்ளைகள் வளர்ந்த அக்காமார்களும் இதில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாமினி இல்லாமல் பிரியும்போது, 18 வயது நிறைந்த மகனுக்கும், கணவர் உயிரோடு உள்ள திருமணமான மகளுக்கும் பங்கு கிடையாது, பட்டியலில் வேறு யாராவது இருந்தால். கணவர் இல்லாமல், உங்களைச் சார்ந்து வயதான அம்மா ஒருவர் மட்டும் இருந்தால், கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகனுக்கு ஒன்றும் வராது. எல்லாம் அம்மாவுக்குப் போகும். மகனின் படிப்புக்கென்று நீங்கள் நினைத்திருந்தால், அதை நாமினேஷனில் எழுதினால்தான் உண்டு.

இனி கல்யாணம் ஆகப்போகிறவர்கள், திருமணப் பதிவுச் சான்றிதழ் வாங்கும் வாரத்திலேயே இதையும் செய்துவிடுங்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள் அடுத்த வார விடுமுறை நாளில் செய்யுங்கள். இணையம் பழகாதவர்கள் ஆதார், கைபேசி, நாமினிகளின் விவரங்களோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து முடித்துத் தருகிறோம். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் நீங்களே உங்கள் கையால் தட்டுங்கள், எங்களிடமும் சொல்ல வேண்டாம்.

பதிவிறக்கிய பி.டி.எஃப். கோப்பை அச்செடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு நகல் கொடுங்கள். ஈ.டி.எல்.ஐ. என்று ஒன்று இருப்பதையும், யாருக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் அம்மாவையும் கணவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும்போது உங்கள் வாயால் இருவரும் கேட்டுவிட்டால், பிறகு ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

அன்புடன்,
சங்க அலுவலகத்தில் உங்கள் பி.எஃப். படிவங்களைப் பார்க்கும் அக்கா